பதின்மூன்று எமோஜி வைத்தேன், கடைசி நாள் யார் கண்ணிலும் படவில்லை

அலுவலகக் குழுவில் ஒரு பயிற்சி வகுப்புக்கான அறிவிப்பை எழுதும் வேலை என்னிடம் வந்தது. உற்சாகமாக இருக்கட்டுமே என்று இப்படி எழுதினேன்:

🎉🎉 அனைவருக்கும் வணக்கம் 🙏 நம் பயிற்சி வகுப்பு 📚 வரும் 12ஆம் தேதி 📅 காலை 10 மணிக்குத் ⏰ தொடங்குகிறது 🚀 அடையாள அட்டை 🪪 கட்டாயம் ‼️ பெயர் கொடுக்கக் 📝 கடைசி நாள் 8ஆம் தேதி ⚠️ நன்றி 🙏😊

ஒன்பதாம் தேதி காலையில் நான்கு பேர் வந்து பெயர் கொடுத்தார்கள். "நேற்றே முடிந்துவிட்டதே" என்றேன். "எங்கே போட்டிருந்தீர்கள்?" என்றார்கள். இன்னொருவர், "வகுப்பு 12ஆம் தேதியா, 17ஆம் தேதியா?" என்று கேட்டார். 17 எங்கிருந்து வந்தது என்று தலையைச் சொறிந்துகொண்டு பார்த்தால், அந்த நாள்காட்டிப் படத்திலேயே இருக்கிறது! ஐபோன் உட்படப் பல கருவிகளில் 📅 என்ற படத்துக்குள் ஜூலை 17 என்று அச்சாகியிருக்கும். தேதிக்குப் பக்கத்தில் வேறொரு தேதியை நானே ஒட்டிவைத்திருக்கிறேன்.

எமோஜியே கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. நமக்கு அது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களைவிட அதிகமாகவே தேவைப்படுகிறது. அவர்கள் ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் அடித்துக் கண்ணை நிறுத்திவிடுவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. வாட்ஸ்அப்பிலாவது இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டு எழுத்தைத் தடிமனாக்கலாம். முகநூலின் சாதாரணப் பதிவில் அதுவும் இல்லை. எனவே கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே நிறத்தோடு நிற்கும் ஒரே பொருள் எமோஜிதான், கண் முதலில் அங்கேதான் போகும். ஒன்று இருந்தால் அங்கே போகும். பதின்மூன்று இருந்தால் எங்கே போவது? என் அறிவிப்பில் வணக்கத்துக்கும் நன்றிக்கும் கிடைத்த அதே நிறம்தான் கடைசி நாளுக்கும் கிடைத்தது. போதாக்குறைக்கு, எச்சரிக்கைக் குறி வாக்கியத்தின் முடிவில் நிற்கிறது. கண்ணைக் கூப்பிட வேண்டியது, படிக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் அல்லவா நிற்க வேண்டும்?

அடுத்த வகுப்புக்கு மாற்றி எழுதினேன்:

பயிற்சி வகுப்பு: 12ஆம் தேதி, காலை 10 மணி, இரண்டாம் மாடி அரங்கு.
⏳ பெயர் கொடுக்கக் கடைசி நாள்: 8ஆம் தேதி.
📎 கொண்டுவர வேண்டியது: அடையாள அட்டை.

இரண்டே எமோஜி, இரண்டும் வரியின் தொடக்கத்தில். முதல் வரிக்கு எதுவும் வைக்கவில்லை, முதல் வரியை எல்லோரும் எப்படியும் படிப்பார்கள். தவறவிடக் கூடியவை அடுத்த இரண்டும்தான். அன்று முதல் எங்கள் குழுவில் ⏳ என்றால் கடைசி நாள், வேறெதற்கும் அதைத் தொடுவதில்லை. இப்போது பழைய செய்திகளை விரலால் தள்ளிக்கொண்டே போகும்போதும் கடைசி நாள் தானாகக் கண்ணில் படுகிறது.

ஆனால் 'கடைசி நாள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த மணல் கடிகாரத்தை மட்டும் வைக்கக் கூடாது. திரைவாசிப்பான் வைத்துக் கேட்டுப் படிக்கிறவர்களுக்கு ஒவ்வொரு எமோஜியும் ஒரு பெயராக ஒலிக்கும். என் முதல் அறிவிப்பை அவர்கள் கேட்டிருந்தால், வாக்கியத்துக்கு நடுவே ராக்கெட்டும் கடிகாரமும் கூப்பிய கைகளும் குறுக்கே குறுக்கே வந்து விழுந்திருக்கும். பழைய செல்பேசிகளிலும் சிக்கல் உண்டு. அந்த அடையாள அட்டைப் படம் யூனிகோடில் சேர்ந்ததே 2021இல்தான். அதற்கு முந்தைய மென்பொருளில் வெறும் கட்டம்தான் தெரியும். அதனால் அனுப்பும் முன் எமோஜிகளையெல்லாம் விரலால் மறைத்துவிட்டு ஒருமுறை படிக்கிறேன். பொருள் எங்கேயாவது அறுந்தால் அங்கே ஒரு சொல் குறைகிறது. பிறகு செல்பேசியைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, எழுத்து தெரியாதபடி கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன். மூன்று புள்ளிகளுக்கு மேல் மின்னினால் ஒன்றை எடுக்கிறேன்.

சிரித்த முகம் வேறு கதை. அது கண்ணுக்கு வழிகாட்டுவதில்லை, குரலை மென்மையாக்கத்தான் வருகிறது. "அறிக்கை இன்னும் வரவில்லை 😊" என்று மேலதிகாரி எழுதினால் அதை அன்பு என்று எடுத்துக்கொள்வதா, குத்தல் என்று எடுத்துக்கொள்வதா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதனால் நினைவூட்டல்களில் நான் அதை வைப்பதே இல்லை.

சென்ற வாரம், வகுப்புக்குத் தேர்வாகாதவர்களுக்கு ஒரு செய்தி எழுத வேண்டியிருந்தது. பழக்கதோஷத்தில் வரியின் தொடக்கத்தில் ❌ போட்டுவிட்டேன். ஒழுங்குப்படி பார்த்தால் சரியான இடம், ஒரே ஒரு குறி, பொருளும் தெளிவு. அந்தச் செய்தியைப் பெறப்போகிறவரின் இடத்தில் இருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். அழித்துவிட்டு, பெயரைச் சொல்லி வணக்கம் வைத்துத் தொடங்கினேன்.