டார்லிங்குக்குத் தமிழ் தேடிய கதை

போன வருசம் ஒரு ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். வயதான கணவன் மனைவி, ஒரு சின்ன வீடு, அவ்வளவுதான் கதை. அவர் பேசும்போதெல்லாம் மனைவியை ‘டியர்’ என்கிறார். எண்ணிப் பார்த்தேன், பதினோரு தடவை. அந்த அம்மா அவரை ‘டார்லிங்’ என்று கூப்பிடுவது ஒரே ஒரு இடத்தில். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்து வாசலில் நிற்கும் இடம் அது.

முதல் வரைவில் எல்லா இடத்திலும் ‘அன்பே’ போட்டேன். பாளையங்கோட்டை வீட்டில் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ரெண்டு பக்கம் கேட்டுவிட்டு, “ஏட்டி, இந்த வயசான மனுசன் ஏன் நாடகத்துல நிக்க மாதிரி பேசுதாரு?” என்றாள்.

அவள் கேட்டது சரிதான். ‘அன்பே’ நமக்குப் பாட்டிலும் கடிதத்திலும் வாழும் சொல். அடுப்படியில் நின்று “அன்பே, உப்பு எங்க இருக்கு?” என்று இங்கே யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த ஆங்கிலக் கிழவரின் ‘டியர்’ அடுப்படிச் சொல்தான். தேய்ந்து தேய்ந்து, ‘நான் உன்கிட்டதான் பேசுறேன்’ என்கிற அளவுக்கு வந்துவிட்ட சொல். வக்கீல் நோட்டீஸ் கூட ‘டியர் சார்’ என்றுதானே ஆரம்பிக்கிறது. அகராதியில் இருக்கும் சூடு வாயில் இருக்காது. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய மேலப்பாளையத்து நண்பர் ஒருவர், அங்கே டாக்ஸிக்காரர், கடைக்காரர் எல்லாருமே ‘ஹபீபி’ என்பார்கள் என்று சொல்வார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘என் பிரியமானவனே’. நம்ம ஊர்க் கடைத்தெருவில் அந்த இடத்தில் நிற்பது ‘அண்ணாச்சி’.

அதனால் பதினோரு டியரில் ஏழு டியரை எடுத்தே விட்டேன். மூன்று இடத்தில் ‘இந்தா பாரு’, ஒரு இடத்தில் ‘ஏம்மா’. எங்க ஊர் ‘ஏளா’ நாக்கு நுனி வரை வந்தது. போட்டிருந்தால் இங்கிலாந்துக்காரர் தாமிரபரணியில் குளித்து எழுந்து வந்தவர் ஆகியிருப்பார். போடவில்லை.

கஷ்டம் கொடுத்தது அந்த ஒற்றை டார்லிங். அதை எடுத்துவிட்டால் கதையின் உச்சமே போய்விடும். ‘கண்ணே’ குழந்தைக்கானது. ‘என் ராசா’ என்று எழுதி வாசித்தேன். அம்மா முகம் மாறிவிட்டது. “பிழைச்சு வந்தவரைப் பாத்து அப்படிச் சொல்லக் கூடாதுட்டி” என்றாள். எங்க பக்கம் புருசனைப் பார்த்துப் பொம்பளை ‘என் ராசா’ என்று வாய்விட்டுச் சொல்வதை அவள் அதிகம் கேட்டது ஒப்பாரியில்தான்.

நாலு நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, நான் சொல்லையே தேடிக்கொண்டிருந்தேன் என்று. தமிழில் நெருக்கம் பெரும்பாலும் விளிச்சொல்லில் இல்லை, முன்னிலைச் சொல்லிலும் வினை முடிவிலும் இருக்கிறது. நீ, நீங்க, டா, டி, வா, வாங்க. ஆங்கிலத்துக்கு ஒரே ‘யூ’தான், அதனால் அன்பைக் காட்டத் தனியாக ஒரு சொல் ஒட்டிக்கொள்கிறது. என் மொழிபெயர்ப்பில் அந்த அம்மா கதை முழுக்கக் கணவரை ‘நீங்க’ என்றுதான் பேசுகிறாள். வாசலில் அவரைப் பார்த்ததும் மட்டும் “நீ வந்துட்டியா” என்கிறாள். அடுத்த வரியில் “உள்ள வாங்க, காத்து அடிக்கு” என்று பழையபடி ஆகிவிடுகிறாள். இதை வாசித்துக் காட்டியபோது எங்கம்மா ஒன்றும் சொல்லாமல் மூக்கைச் சிந்தினாள். எனக்கு அது போதும்.

பத்திரிகையில் அச்சாகி வந்தபோது அந்த வரி ‘நீங்க வந்துட்டீங்களா’ என்று இருந்தது. மரியாதை ஒருமைப்பாடு தவறியிருந்ததால் திருத்தினோம் என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிழை திருத்துபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: கதை முழுக்க நீங்க, ஒரே இடத்தில் நீ என்று வந்தால், கை வைக்கும் முன் மூலத்தில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

எதிர்த்திசையிலும் இதே பாடுதான். இப்போது ஒரு நெல்லைக் கதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் தோழிக்கு உதவுகிறேன். அதில் ஆச்சி பேரனை “என்னப் பெத்த ஐயா, சாப்பிட வாய்யா” என்கிறாள். பேரனுக்குத் தாத்தா பேர். புருசன் பேரை ஆச்சி வாயால் சொல்ல மாட்டாள், அதனால் பிள்ளை ‘ஐயா’ ஆகிவிட்டான். தோழி முதலில் ‘டியர்’ என்று போட்டிருந்தாள். அதில் தாத்தா காணாமல் போய்விடுகிறார். ‘சார்’ என்றால் சிரிப்பு வரும். ‘ஐயா’வை அப்படியே விட்டு, நாலு வரிக்கு முன்னால் பிள்ளைக்குப் பேர் வைத்த சம்பவத்தை ஆச்சியே பேச்சோடு பேச்சாகச் சொல்லும்படி சேர்க்க மூல ஆசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.