ரோமானியர் முகங்களில் இருக்கும் சுருக்கங்கள் பற்றி

ரோமானிய மார்பளவுச் சிலைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்: "கிரேக்கர்கள் அழகைச் செதுக்கினார்கள், ரோமானியர்கள் உண்மையைச் செதுக்கினார்கள்." நானும் பல வருடங்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வழுக்கை, தொங்கும் தாடை, உதட்டோரப் பள்ளம், நெற்றியில் உழுதுவிட்டாற்போல் கோடுகள். எதையும் மறைக்காத மனிதர்கள் என்று தோன்றும். இன்று எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தச் சுருக்கங்களும் ஓர் உரிமைகோரல்தான் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்க வைத்தது ஒரே ஒரு தலை.

கோபன்ஹேகன் நகரின் க்ளிப்டோடெக் அருங்காட்சியகத்தில் இருக்கும் பொம்பேயஸின் பளிங்குத் தலை அது. சீசரோடு மோதித் தோற்று, கி.மு. 48இல் எகிப்தில் தலை வெட்டப்பட்ட அதே ரோமானியத் தளபதி பொம்பேயஸ். படத்தைத் தேடி நிதானமாகப் பாருங்கள். உப்பிய கன்னங்கள், சின்னக் கண்கள், திரண்ட மூக்கு, குறுக்கே கோடு விழுந்த நெற்றி. ஒரு நடுத்தர வயதுக் கிராமத்துப் பண்ணையார் மாதிரி இருக்கிறார். சரி, இப்போது நெற்றிக்கு மேலே பாருங்கள். முன்முடி மட்டும் சீறி எழுந்து பின்னால் விழுகிறது. அது அலெக்சாண்டரின் முடி. அந்தக் காலத்தில் அலெக்சாண்டர் சிலையைப் பார்த்த எவருக்கும் இந்த முடியின் அர்த்தம் தெரியும். "மாக்னஸ்", அதாவது மகா, என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டவர் பொம்பேயஸ். ஆக, ஒரே தலையில் இரண்டு சேதிகள். முகம் "நான் உங்களில் ஒருவன்" என்கிறது, முடி "நான் உலகை வென்றவன்" என்கிறது. இதை வெறும் உண்மை என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கிழட்டு முகத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று புரிய, ரோமானியப் பெருங்குடி வீட்டுக்குள் போக வேண்டும். வீட்டின் முன்கூடத்தில் மர அலமாரிகள் இருக்கும். அவற்றுக்குள் உயர் பதவி வகித்த முன்னோர்களின் மெழுகு முகங்கள். 'இமாகினேஸ்' என்பது அவற்றின் பெயர். பணம் இருந்தால் மட்டும் உங்கள் முகம் அந்த அலமாரிக்குள் போய்விடாது, மக்கள் தேர்ந்தெடுத்த பதவி ஒன்றில் இருந்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு பெரிய மனிதர் இறந்தால் அந்த முகங்கள் வெளியே வரும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். இறந்தவர்களின் உயரமும் உடல்வாகும் உள்ள ஆட்கள் அந்த முகமூடிகளை அணிந்துகொள்வார்கள். நாட்டின் உச்சப் பதவியான கான்சலாக இருந்தவருக்குக் கருஞ்சிவப்புக் கரையிட்ட ஆடை, வெற்றி ஊர்வலம் கண்டவருக்குப் பொன் வேலைப்பாடுள்ள ஆடை. தேரில் வந்து, நகரத்தின் பொதுச் சதுக்கத்தில் தந்த நாற்காலிகளில் வரிசையாக உட்காருவார்கள். மகன் மேடையேறி, இறந்த தந்தையில் தொடங்கி ஒவ்வொரு முன்னோரின் சாதனையையும் சொல்லுவான். செத்துப் பல தலைமுறையானவர்கள் நேரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தில் நிற்கும் வாக்காளனும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான் என்பதை மறந்துவிடக் கூடாது.

மெழுகு முகம் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. ஆனாலும், பளிங்குச் சிலைகள் பிணத்தின் முகத்தில் அச்செடுத்த மெழுகு முகங்களைப் பார்த்துச் செய்த நகல்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பிணத்தின் முகத்தில் தசை தளர்ந்து சரிந்திருக்கும். இந்தச் சிலைகளிலோ புருவம் இறுகியிருக்கிறது, வாய் அழுத்தமாக மூடியிருக்கிறது. உயிரோடு கவனமாக உட்கார்ந்திருக்கும் ஆளின் முகம் அது. கான்சலாக 42 வயதாக வேண்டும் என்று சட்டமே இருந்த ஊரில், கோடு விழுந்த நெற்றி ஒரு தகுதிச் சான்றிதழ் மாதிரி. அதனால்தான் விடுதலை பெற்ற அடிமைகளும் தங்கள் கல்லறைகளில் இதே முகத்தைச் செதுக்கிக்கொண்டார்கள். சட்டப்படி அவர்களுக்குத் தகப்பன் பெயரே கிடையாது, அலமாரியில் வைக்க முன்னோரும் இல்லை. ஆனால் அந்தச் சுருக்கத்தைக் கல்லில் வாங்கிக்கொள்ள முடிந்தது. என்னை மிகவும் நெகிழ வைக்கும் சிலைகள் அவைதான்.

முகத்தை வெளியே எடுப்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை இளம் சீசர் நன்றாக அறிந்திருந்தார். கி.மு. 69இல் அவருடைய அத்தை யூலியா இறந்தார். அந்த அம்மாள் தளபதி மாரியஸின் மனைவி. மாரியஸின் எதிரியான சுல்லாவின் ஆட்சி அவருடைய தரப்பையே நாட்டின் பகைவர்களாக அறிவித்திருந்தது. அந்த இறுதி ஊர்வலத்தில் சீசர் மாரியஸின் உருவத்தைத் துணிந்து எடுத்து வந்தார். சிலர் எதிர்த்துக் கத்தினார்கள், பெருங்கூட்டம் கைதட்டி வரவேற்றது. அந்த ஒரு முகத்தை வைத்தே, தான் யார் பக்கம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்.

பேரரசர்கள் வந்த பிறகு இந்த ஆயுதம் ஆபத்தானது. கி.பி. 20இல் கல்பூர்னியஸ் பீசோ என்பவர்மீது தேசத்துரோக வழக்கு. தீர்ப்புக்கு முன்பே அவர் தற்கொலை செய்துகொண்டார். அப்போது செனட் போட்ட தீர்மானம் ஸ்பெயினில் வெண்கலத் தகடுகளில் கிடைத்திருக்கிறது. குடும்பத்தின் மற்ற முன்னோர் முகங்களோடு அவருடைய முகம் ஊர்வலத்தில் வரக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. செத்தவரை இன்னொரு முறை தண்டிக்கும் வழி இது. ஆனால் தடை எப்போதும் நினைத்தபடி வேலை செய்வதில்லை. கி.பி. 22இல் காசியஸின் விதவையும் புரூட்டஸின் சகோதரியுமான யூனியா இறந்தபோது, இருபது பெருங்குடும்பங்களின் முகங்கள் முன்னால் போயின. சீசரைக் கொன்ற அந்த இருவரின் முகங்கள் மட்டும் இல்லை. காணப்படவில்லை என்பதாலேயே அவர்கள்தாம் எல்லாரையும் விட ஒளிர்ந்தார்கள் என்று எழுதுகிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ்.

அப்புறம் அந்தப் பொம்பேயஸ் தலைக்கு வருகிறேன். அது அவர் காலத்தில் செதுக்கியது அல்ல. அவர் இறந்து எழுபது, எண்பது ஆண்டுகளுக்குப் பின், கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியில் பழைய சிலையைப் பார்த்துச் செய்த பிரதி. ரோமில் சலாரியா சாலையருகே லிசினியஸ் குடும்பத்தின் கல்லறையில் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் குடும்பம் பொம்பேயஸின் வழிவந்தது. அதைப் பெருமையாக ஊரறியக் காட்டியது. ஒரு மகனுக்கு பொம்பேயஸ் மாக்னஸ் என்றே பெயர் வைத்தார்கள். பேரரசர் கலிகுலா அந்த "மாக்னஸ்" பட்டத்தைப் பறித்தார். அடுத்த பேரரசர் கிளாடியஸ் திருப்பிக் கொடுத்தார், தன் மகளையும் கட்டிக்கொடுத்தார், பிறகு அவனையும் அவனைப் பெற்றவர்களையும் கொல்லச் செய்தார். இன்னொரு மகனை நீரோ கொன்றார். மற்றொரு மகன் பீசோ லிசினியானஸைக் கி.பி. 69 ஜனவரியில் பேரரசர் கால்பா தன் வாரிசாகத் தத்தெடுத்தார். ஐந்தாம் நாள் அவன் தலையும் வெட்டப்பட்டது. மனைவி வெரானியா கொன்றவர்களிடமிருந்து அந்தத் தலையைப் பணம் கொடுத்து மீட்டு அடக்கம் செய்தாள்.

அவன் பெயர் பொறித்த கல்லும் அந்தக் கல்லறையிடத்தில் கிடைத்தது. அதில் அவன் பெயர், அவன் வகித்த பூசாரிப் பதவி, மனைவி பெயர், அவ்வளவுதான். அந்த ஐந்து நாட்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.