காது மடலில் குத்திய இடம் வீங்கினால் அமோக்சிசிலினை நம்பி உட்கார வேண்டாம்

எங்கள் தோட்டத்து டவுனில் காது மேல்மடலில் ஸ்டட் குத்திக்கொள்வது இப்போது பரவலாகிவிட்டது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. புண்ணானதும் வீட்டில் மிச்சமிருக்கும் அமோக்சிசிலினை எடுத்துக் கொடுப்பதில்தான் ஆட்சேபணை. பார்மசி கவுண்டரில் நிற்பவள் என்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

என் அக்கா மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாசார் மாலாமில் துப்பாக்கிக் கருவியால் குத்தினார்கள். சில நாளில் மடல் சிவந்து, கொதித்து, தலையணையில் வைக்க முடியாத வலி. முதலில் அமோக்சிசிலின், அப்புறம் ஒரு கிளினிக்கில் செபலெக்சின். இரண்டுக்கும் வீக்கம் அசையவில்லை. நான் பார்த்தபோது மேல்மடல் முழுக்கப் பளபளவென்று வீங்கியிருந்தது. கீழே சோணை மட்டும் வழக்கம்போலவே இருந்தது. அதுதான் அடையாளம். சோணையில் குருத்தெலும்பு கிடையாது. நோய் குருத்தெலும்பின் உறையில் இருக்கிறது என்று அர்த்தம்.

குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக்குழாய் இல்லை. மேலே ஒட்டியிருக்கும் உறைதான் அதற்குச் சோறு போடுகிறது. இடையில் சீழ் புகுந்து உறையைப் பிரித்துவிட்டால் குருத்தெலும்பு செத்து, காது சுருங்கிவிடும். இந்த இடத்தில் அதிகம் வருவது சூடோமோனாஸ் என்ற கிருமி. ஈரம் இருக்கும் இடமெல்லாம் அது வாழும். அமெரிக்காவின் ஓரிகனில் 2000இல் ஒரே கடையில் காது குத்திய பலருக்கு இது வந்தது. தேடிப் பார்த்தால், கிருமிநாசினி தெளிக்கும் பாட்டிலிலேயே கிருமி இருந்தது!

இதற்கு வழக்கமான மாத்திரைகள் ஏன் பலிப்பதில்லை? சூடோமோனாஸின் வெளிச்சுவர் மருந்தை எளிதில் உள்ளே விடாது. உள்ளே போனதையும் பம்பு போல வெளியே தள்ளும். போதாததற்கு அமோக்சிசிலின் வகையை உடைக்கும் நொதியும் அதனிடம் உண்டு. கிளாவுலனிக் அமிலம் சேர்த்த மாத்திரையும் அந்த நொதியைத் தடுக்காது.

வாய்வழியாக இதற்கு உருப்படியாக வேலை செய்வது சிப்ரோஃப்ளோக்சசின். லெவோஃப்ளோக்சசினும் அதே குடும்பம். சிப்ரோஃப்ளோக்சசின் பெரியவர்களுக்குப் பொதுவாக 500 முதல் 750 மில்லிகிராம், காலையும் மாலையும். டாக்டர் சீட்டு கட்டாயம். கர்ப்பிணிகள், பிள்ளைகள் விஷயத்தில் டாக்டர்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும். குதிகால் தசைநாண் இழுத்து வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவரிடம் சொல்லுங்கள். மைலோவோடும் பாலோடும் விழுங்காதீர்கள்; அதிலுள்ள கால்சியம் மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கதைதான்.

அக்கா மகளுக்கு அதற்குள் சீழ் கட்டியிருந்ததால் மாத்திரை மட்டும் போதவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்டட்டை எடுத்து, கீறிச் சீழை வெளியேற்றி, அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சூடோமோனாஸ்தான். சிப்ரோவுக்குக் கட்டுப்பட்டது, ஆனால் மடலின் விளிம்பில் ஒரு பள்ளம் நிற்கிறது. அமோக்சிசிலின் தின்று கழித்த நாட்களின் விலை அது.