வாய்ப் பேச்சு கோப்பில் ஏறாது

இன்சுலின் அளவில் சந்தேகம் கேட்ட செவிலியரைப் பெரிய டாக்டர் வார்டிலேயே திட்டிய விஷயத்தில் "சிஸ்டர் கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்" என்று மூன்று நாட்களாக எழுதிக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் எனக்கு வேண்டியவர்கள். அதனால்தான் மனம் கேட்கவில்லை.

அவள் கேட்டது என்ன? கேஸ் ஷீட்டில் 10 என்று எழுதி, யூனிட் என்பதற்குச் சுருக்கமாக 'யு' என்ற ஆங்கில எழுத்தை அதோடு ஒட்டிப் போட்டிருந்தார் பெரிய டாக்டர். அவசரத்தில் எழுதினால் அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டு பூஜ்யமாகிவிடும்; 10 என்பது 100 ஆகத் தெரியும். வார்டில் இருக்கும் இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட். சிரிஞ்சிலும் 40 வரைதான் கோடு. நூறு போட வேண்டுமென்றால் இரண்டரை சிரிஞ்ச் ஏற்ற வேண்டும். சிரிஞ்சைக் கையில் பிடித்திருந்தவளுக்கு அது உறுத்தியது, கேட்டாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி அவர் சொன்ன பதில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே திரும்ப எழுத மாட்டேன்.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் அந்த வார்டில் யார் வாயைத் திறப்பார்கள்?

எனக்கும் இது நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது, ஒப்பந்தப் பணி, மாயவரத்திலிருந்து தினம் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். கையிலிருந்த ட்ரேயைத் தட்டிவிட்டு, என்னைப் பெற்றவர்களையும் சேர்த்துப் பேசினார் ஒரு டாக்டர். வார்டு பொறுப்பு அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். "விடும்மா, அவர் சுபாவம் அப்படி" என்றார். நான்கு மாதம் கழித்து இன்னொரு பெண்ணுக்கும் அதே நடந்து விசாரணை வந்தபோது, "இதற்கு முன் புகார் ஏதும் இல்லை" என்று எழுதினார்கள். நான் அழுதது எந்தக் கோப்பிலும் இல்லை. தரையில் உருண்ட ஊசிக் குப்பிகளை முழங்காலிட்டுப் பொறுக்கியது இன்னும் எனக்குக் கனவில் வருகிறது.

ஆகவே சொல்கிறேன், எழுதிக் கொடுங்கள். நாள், நேரம், வார்டு, அவர் சொன்ன சொற்கள் அப்படியே, அருகில் இருந்தவர்கள் யார். "அவமானப்படுத்தினார்" என்று மட்டும் எழுதினால் அது உங்கள் கருத்தாகிவிடும். சொன்ன சொல்லை எழுதினால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எந்த மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள் என்பது முதல் பத்தியில் வரட்டும். நோயாளியின் பெயர் வேண்டாம், உள்நோயாளி எண் போதும். கேஸ் ஷீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள், விசாரணை உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

யாருக்குக் கொடுப்பது? செவிலியருக்கு மேல் வார்டு பொறுப்புச் செவிலியர், செவிலியர் கண்காணிப்பாளர், நிலைய மருத்துவ அலுவலர், மருத்துவக் கல்லூரியானால் முதல்வர். திட்டிய டாக்டர் இந்த வரிசையிலேயே இல்லை. அவர் கையெழுத்துக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். பயிற்சி மருத்துவர்கள் பாடுதான் கஷ்டம். "உரிய வழியாக" என்றால் யூனிட் தலைவர் வழியாக. திட்டியவரே அவராக இருந்தால் கடிதம் அவர் மேசையிலேயே தூங்கும். துறைத் தலைவருக்கு நேராக எழுதி, ஏன் நேராக எழுதுகிறேன் என்று ஒரு வரியில் சொல்லி, முதல்வருக்கு முன் நகல் அனுப்புங்கள். திட்டியது முதுநிலை மாணவர் என்றால் ராகிங் தடுப்புக் குழு இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் அதற்காகவே வந்தவை. பேச்சு பாலியல் வகையில் போயிருந்தால் உள்ளகப் புகார்க் குழு, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள்.

எங்கே கொடுத்தாலும் தபால் பிரிவில் நகலில் நாள் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். முத்திரை இல்லாத கடிதம் என் அழுகையைப் போலத்தான்.

"அவருக்கு வேலைப் பளு" என்கிறீர்கள். உண்மை. குறுவை அறுப்பு நேரத்தில் பாம்புக்கடி வரிசையாக வரும், அவர் சோற்றை மறந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதே இரவில் அவள் சாப்பிட்டாளா என்று யாராவது கேட்டீர்களா? "நாங்களும் திட்டு வாங்கித்தான் கற்றோம்" என்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. "பழிவாங்கினால்?" என்ற கேள்வி மட்டும் நியாயமானது. பழிவாங்குவார்கள். எனக்குத் தொடர்ந்து இரவுப் பணி போட்டார்கள். அவளுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரலாம். வந்தால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும், பணிப் பட்டியலின் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். புகார் தேதிக்குப் பிறகுதான் பணி மாறியது என்பதை அந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கும்.

தங்கச்சி, இதைப் படிக்கிறாய் என்று தெரியும். தப்புச் செய்தவள் போல நீ ஏன் விடுப்பில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய்? நீ கேட்டது சரி. இன்று இரவே நடந்ததை எழுதிவை, சொற்கள் மறந்துபோகும். நாளை 10 மணிக்குத் தபால் பிரிவு வாசலில் இருக்கிறேன், நகலை மறக்காமல் எடுத்து வா.