தோட்டத்து மோட்டாருக்கான கரண்ட் பில்லை யார் கட்டுகிறார்கள்?

1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடி, துப்பாக்கிச் சூட்டில் உயிரையும் கொடுத்தவர்கள் எங்கள் கொங்குப் பகுதி உழவர்கள். அதனால், 1990-இல் தமிழகத்து விவசாயிகள் அனைவருக்கும் கிடைத்த இலவச மின்சாரத்தை யாராவது ஓசி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அந்த மின்சாரத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதை யாரோ கட்டத்தான் செய்கிறார்கள்.

ஐந்து எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய நான்கு யூனிட் ஆகும். நாளுக்கு ஆறு மணி நேரம் என ஆண்டில் 200 நாள் ஓட்டினால் 4,800 யூனிட். கணக்குக்காக, தோட்டம் வரை கொண்டுவந்து சேர்க்க யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 38,400 ரூபாய். விவசாயிக்கு விலை பூஜ்யமாவதால் இந்தச் செலவில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை.

ஒரு பிரிவினருக்குக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும் மாநில அரசு, அந்தத் தொகையை மின்வாரியத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு. அது வரிப்பணம், கிணறே இல்லாமல் மழையை நம்பிச் சோளம் விதைக்கும் மானாவாரிக்காரர் சோப்பு வாங்கும்போது கட்டும் வரியும் அதில் அடக்கம். அரசு தரும் தொகை போதாதபோது, மில்லும் பவுண்டரியும் அடக்கவிலைக்கு மேல் கட்டி ஈடுசெய்கின்றன. குறுக்கு மானியம் எனப்படும் இது, நூலின் விலையிலும் வார்ப்பின் விலையிலும் கலந்து நம்மிடமே வந்து சேர்கிறது. அதற்கும் மிஞ்சுவது கடனாகிறது. கட்டணம் பல ஆண்டுகள் உயர்த்தப்படாதது உள்ளிட்ட காரணங்களால் குவிந்த வாரியக் கடனில் 22,815 கோடி ரூபாயை, மின்வாரியங்களைக் கடனிலிருந்து மீட்பதற்கான மத்திய அரசின் உதய் திட்டத்தின்கீழ் 2017-இல் மாநில அரசே ஏற்றுக்கொண்டது. அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் அதற்கு வரி கட்டுவார்கள்.

விவசாயியும் தப்புவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. கூடுதலாக ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டச் செலவே இல்லாதபோது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் இறைப்பதற்குள் நாம் இறைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. நீர்மட்டம் இறங்க இறங்க, ஆயிரம் அடிக்கு போர் போட்டு, பெரிய மோட்டார் இறக்கி, கேசிங்குக்கும் பைப்புக்கும் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. மின்வாரியத்துக்குக் கட்டாத பணத்தை ரிக் வண்டிக்காரருக்குக் கட்டுகிறோம். அதையும் கட்ட முடியாத சிறு விவசாயியின் கிணறுதான் முதலில் வற்றுகிறது.

இலவசத்தை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பயிருக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத வரையில் அது தேவை. ஆனால் ஏராளமான விவசாய இணைப்புகளில் மீட்டர் கிடையாது, எச்.பி.யை வைத்து உத்தேசமாகத்தான் கணக்கு எழுதப்படுகிறது. இதனால் கம்பியில் வீணாகும் மின்சாரத்தையும், வேறெங்கோ திருடப்படும் மின்சாரத்தையும் விவசாயத்தின் தலையில் எழுதிவிட இடமிருக்கிறது. மீட்டர் வைத்தால் அடுத்து பில் வரும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே, கட்டணம் இல்லை என்பதைச் சட்டத்தில் எழுதி உறுதிசெய்துவிட்டு, டிரான்ஸ்பார்மருக்கு ஒரு மீட்டராவது வைத்து, அந்த அளவுக்கான பணத்தை அரசு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று நம் விவசாய சங்கங்களே கேட்க வேண்டும்.