ஆல்ஃபா 0.92 என்றால் யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண்ணா?

இப்படி ஒரு செய்தி பரவுகிறது: "கட்டுரைத் தேர்வின் க்ரான்பாக் ஆல்ஃபா 0.92. அதனால் யார் திருத்தினாலும் அதே மார்க்தான் வரும். பகிருங்கள்!"

தவறு. உளவியலாளர் க்ரான்பாக் 1951-ல் விளக்கிய இந்த எண், ஒரு தேர்வின் கேள்விகள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே சொல்லும். முதல் விடை பிடித்துப்போய், அதே மாணவரின் மற்ற விடைகளுக்கும் திருத்துபவர் தாராளம் காட்டினால் ஆல்ஃபா ஏறத்தான் செய்யும்!

திருத்துபவர்களின் ஒப்புமை வேறு விஷயம். மூன்று தாள்களுக்கு ஒருவர் 9, 12, 15 போடுகிறார். இன்னொருவர் 5, 8, 11. தரவரிசை மாறவில்லை, இரண்டு மதிப்பெண் வரிசைகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுகூட முழு 1. ஆனால் தேர்ச்சிக்கு 10 வேண்டுமென்றால், நடு மாணவர் ஒருவரிடம் பாஸ், மற்றவரிடம் ஃபெயில்.

சரிபார்க்க, முதல் மதிப்பெண்ணை மறைத்து அதே தாள்களை இன்னொருவரிடம் கொடுத்து, வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். தேர்வு நடத்தியவர்களிடம் அந்தக் கணக்கைக் கேளுங்கள். பரவும் அந்தச் செய்தியை மேலும் அனுப்ப வேண்டாம்.