"பார்க்கலாம்" என்றால் யார் பார்ப்பது?

2 வாரத்துக்கு ஒரு தடவை மேனேஜரோடு அரை மணி நேர ஒன்-டு-ஒன் மீட்டிங். அதில் 20 நிமிடம் "அந்த டிக்கெட் என்ன ஆச்சு" என்பதிலேயே போய்விடும், அதைத்தான் தினமும் காலை ஸ்டாண்டப் மீட்டிங்கில் சொல்லித் தொலைக்கிறேனே! என் விஷயத்துக்கு வரும்போது அவருக்கு அடுத்த மீட்டிங். டெஸ்ட் சர்வர் அனுமதி வேண்டும் என்று ஜூனில் கேட்டேன். "சரி, பார்க்கலாம்" என்றார். யார் பார்ப்பது, எப்போது? எங்கேயும் எழுதவில்லை. ஆகஸ்டில் அவரே கேட்கிறார், டெஸ்டிங் ஏன் தாமதம் என்று.

அப்புறம்தான் இருவரும் திறக்கிற மாதிரி ஒரு கூகுள் டாக் போட்டேன். முந்தின நாளே என் விஷயங்களை மேலே எழுதிவிடுவேன், ஸ்டேட்டஸ் கடைசியில், நேரம் இருந்தால். முடிவானதை அவர் கண்முன்னே ஒரே வரியாக அடிப்பேன்: "சர்வர் அனுமதி, மேனேஜர், வெள்ளிக்குள்". அடுத்த தடவை பேச்சே அந்த வரியில்தான் தொடங்கும். சும்மா "கவனிக்கணும்" என்று எழுதியவை இன்னும் அப்படியே கிடக்கின்றன (அதில் 2 என்னுடையவை), பெயரும் தேதியும் போட்டவைதான் நகர்கின்றன. அனுமதி வியாழனே வந்துவிட்டது.

இப்போது அவர் புலம்புகிறார், "எல்லாத்தையும் ஏம்பா எழுதி வைக்கிற?"